மரியாதை 'ங்க'வில் இருக்கிறது

கேள்வி: தூத்துக்குடிப் பக்கம் படித்துவிட்டு, போன மாதம்தான் ஓ.எம்.ஆரில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். என் டீம் லீடுக்கு என் அம்மா வயது இருக்கும். "மேடம் எல்லாம் வேண்டாம், பேர் சொல்லியே கூப்பிடு" என்கிறார். எனக்கு வாயே வரவில்லை. எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே ஒரு மாதத்தை ஓட்டிவிட்டேன். என்ன செய்வது?
– ஒரு வாசகி, பெருங்குடி

பதில்: பெயர் சொல்லியே கூப்பிடுங்கள். நாளைக்கே ஆரம்பித்துவிடுங்கள்.

உங்களுக்கு ஏன் வாய் வரவில்லை என்பது புரிகிறது. பெரியவர்கள் பெயரை உச்சரிப்பதே தப்பு என்று வளர்ந்தவர்கள் நாம். ஆனால் தமிழில் நாம் மரியாதையை எங்கே வைத்திருக்கிறோம் என்று பாருங்கள். "கவிதா, நீங்க அந்த மெயிலைப் பாத்தீங்களா?" என்று கேட்டால் அதில் என்ன குறை? 'நீங்க'வும் 'பாத்தீங்களா'வும் வேண்டிய மரியாதையைக் கொடுத்துவிடுகின்றன. இங்கிலீஷில் அந்த வசதி இல்லை. சின்னவருக்கும் பெரியவருக்கும் ஒரே 'யூ'தான். 'ங்க'வை வைக்க இடம் கிடைக்காமல்தான் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஒரு 'சாரை'யோ 'மேடத்தை'யோ ஒட்டுகிறோம். உங்கள் லீடுடன் தமிழில் பேசும்போது பெயரோடு 'நீங்க' சேர்த்துப் பேசிப் பழகுங்கள். வாய் பழகிவிட்டால் இங்கிலீஷிலும் பெயர் தானாக வரும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். ஜெர்மன் மொழியிலும் நம்மைப் போல 'நீ', 'நீங்கள்' உண்டு. அங்கே வழக்கமாக வயதிலோ பதவியிலோ மூத்தவர்தான் "நீ என்றே சொல்லலாம்" என்று முதலில் சொல்வார். அதற்குப் பிறகும் 'நீங்கள்' என்றே பேசினால் விலகி நிற்பதாகத்தான் அவருக்குப் படும். உங்கள் லீடும் அப்படி ஒரு கதவைத் திறந்துவிட்டுக் காத்திருக்கிறார்.

எதுவும் சொல்லிக் கூப்பிடாமல் ஓட்டுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். எட்டுப் பேர் இருக்கும் கான்ஃபரன்ஸ் காலில் "ஒரு தடவை செக் பண்ண முடியுமா?" என்று பொதுவாகக் கேட்டால், வேறு யாரையோ கேட்கிறார்கள் என்று எட்டுப் பேரும் சும்மா இருப்பார்கள். வேலை அப்படியே நிற்கும்.

பெயரை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குப் பெரிய காரணம் வேறு. நானும் சில வருடங்கள் இப்படி ஒரு அலுவலகத்தில் இருந்தேன். வெள்ளிக்கிழமை வேலை முடியாது என்று டீமில் எல்லோருக்கும் தெரியும். திங்கட்கிழமை மீட்டிங்கில் மேலாளர் கேட்டபோது வந்த பதில்: "ட்ரை பண்றோம், சார்." வெள்ளிக்கிழமை வேலை முடியவில்லை. "முடியாது" என்ற சொல் 'சாரு'க்கு முன்னால் எளிதில் வாயில் வராது. பெயர் சொல்லிப் பேசியிருந்தால் மட்டும் எல்லோரும் உண்மையைச் சொல்லியிருப்பார்களா என்றால், உறுதியில்லை. ஆனால் சொல்வது கொஞ்சமாவது சுலபமாகியிருக்கும்.

சரி, எந்தப் பெயர்? நம் ஊர்க்காரர்களிடம் இதைக் கவனிக்க வேண்டும். அப்பா பெயரை இனிஷியலாகப் போடுகிறவர்கள் நாம். பாஸ்போர்ட்டுக்காகவும் அலுவலகப் பதிவுக்காகவும் அதை விரித்து எழுதும்போது, சில நேரம் அப்பா பெயர் முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறது. அமெரிக்காவிலிருந்து "ஹாய் முருகேசன்" என்று மெயில் வரும். அதைப் படிப்பது கவிதா. திரையில் தெரிகிற பெயரை நம்பாதீர்கள். அவர் மெயிலை எந்தப் பெயரோடு முடிக்கிறார் என்று பாருங்கள். அவர் விரும்பும் பெயர் அதுதான்.

இது உங்கள் அலுவலகத்துக்குள் பொருந்தும். கிளையன்ட் பொதுத்துறை வங்கியாகவோ அரசுத் துறையாகவோ இருந்தால், அங்கே உள்ள அதிகாரிகளுக்கு சார், மேடம்தான். ஜப்பானியராக இருந்தால் குடும்பப் பெயரோடு 'சான்' சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் பெயரோடு மட்டும் அதை நீங்களே சேர்த்துக்கொள்ளக் கூடாது.

கடைசியாக, உங்கள் மாடியிலேயே இரண்டு விஷயங்களைக் கவனித்துப் பாருங்கள். ஒரே பதவியில் இருக்கும் ஆணை 'சார்' என்றும் பெண்ணை வெறும் பெயர் சொல்லியும் கூப்பிடுகிறவர்கள் உண்டு. அந்தக் கூட்டத்தில் சேராதீர்கள். அவருக்குப் பெயர் என்றால் இவருக்கும் பெயர்தான். அப்புறம், ஹவுஸ்கீப்பிங்கில் இருக்கும் ஐம்பது வயது அம்மா உங்களை 'மேடம்' என்பார். நேற்று சேர்ந்த பையன் அவரை "இங்க வா, இதைத் துடை" என்பான். நீங்கள் அவரிடம் "வாங்க" என்று சொல்லுங்கள். பெயர் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 'மேடம்' வேண்டாம், பெயர் சொல்லியே கூப்பிடலாம் என்று அவரிடமும் சொல்லுங்கள். அவருக்கும் வாய் வராது. உங்கள் லீட் உங்களுக்குக் கொடுத்த அவகாசத்தை அவருக்கும் கொடுங்கள்.