ஞாயித்துக்கிழமை யாருக்கு?

கே.கே. நகர் தங்கச்சி: சனி ராத்திரி டீக்கடை, ஞாயிறு காலை கிரிக்கெட், சாயங்காலம் தெப்பக்குளம். எல்லாமே அவரு கூட்டாளிகளோடதான், அக்கா. கேட்டா சண்டை.

வாயத் திறக்கறதுக்கு முன்னாடி எண்ணிப் பாரும்மா. இதே குறையோட எங்கிட்ட வந்த ஒரு பொண்ணு, நாலு வாரம் கிழிச்ச காலண்டர் தாள் பின்னாடி எழுதி வச்சா. சனி 7–10, ஞாயிறு காலை 6–11, சாயங்காலம் 5–9. கூட்டினா 12 மணி நேரம். சனி சாயங்காலம் ஆறுல இருந்து ஞாயிறு ராத்திரி பத்து வரைக்கும், தூக்கம் போக இருக்கறதே 20தான். மிச்சம் எட்டுல கறி வாங்கணும், சாப்பிடணும், அவரு மதியம் ஒரு குட்டித் தூக்கம் போடணும்! "எப்பப் பாத்தாலும் அங்கதான்"னு சொன்னப்ப எகிறினவரு, 12னு சொன்னதும் அவரே விரல் விட்டு எண்ணினாரு. அம்மாகூட தான் போன்ல பேசின நேரத்தையும் அதே தாள்ல எழுதியிருந்தா. அதனாலதான் அவரு நம்பினாரு.

பேசினது புதன்கிழமை. ஞாயிறு ராத்திரி அலுத்து வந்து செருப்பக் கழட்டுறவர்கிட்ட ஆரம்பிக்கக் கூடாது. கூட்டாளிகளப் பத்தி ஒரு வார்த்தை குறை சொல்லல. "காலை மேட்ச் உங்களுக்கு, சாயங்காலம் அஞ்சுல இருந்து ஒன்பது எனக்கு"ன்னு மட்டும் கேட்டா. முதல் வாரம் வீட்டுலதான் இருந்தாரு, ஆனா போன்ல குரூப்பையே பாத்துட்டு. எங்க போறதுன்னு முடிவு பண்ணாதது தப்புன்னு அவளுக்கே புரிஞ்சுது. மறுவாரம் ஜிகர்தண்டா குடிக்கப் போயிட்டு, அப்படியே மாசி வீதியச் சுத்திட்டு வந்தாங்க.

திருமங்கலம் பெரியம்மா: கல்யாணம் ஆனா கூட்டாளி எதுக்கு? அதையெல்லாம் விட்டுறணும்.

நேரம் குறையணும்ங்கறது சரி பெரியம்மா. அடியோட நிறுத்தச் சொன்னா, மனுசன் ஆபீஸ் வேலைன்னு பொய் சொல்லிட்டுப் போவான். அப்புறம் அந்தப் பொய்ய வேற பிடிக்கணும்.

மேலூர் தம்பி: எனக்கு உல்டா. சம்சாரம்தான் ஞாயிறு ஆனா காலேஜ் தோழிகளோட கிளம்பிடுது. எப்படித் தடுக்கறது?

தடுக்க இங்க வழி சொல்லலையே தம்பி! நீங்க வாரநாள் சாயங்காலம் எத்தன மணிக்கு வீட்டுக்கு வர்றீங்க? அதையும் தாள்ல எழுதுங்க. பிள்ளைங்கள யாரு பாத்துக்கறாங்கன்னும் எழுதுங்க. அவங்களுக்குன்னு கிடைக்கறது அந்த ஒரு ஞாயிறு மட்டும்தான்னு வந்தா, கேள்வியே மாறிடும்.

விளாங்குடியிலிருந்து: ஒத்துக்கிட்டாரு. ரெண்டு வாரம் ஒழுங்கு. மூணாவது வாரம் "ஃபைனல் மேட்ச்"சாம்.

ஃபைனல் திடீர்னு வராது, வெள்ளிக்குள்ள சொல்லலாம். போன நாலு மணி நேரத்த அடுத்த வாரம் திருப்பித் தரணும்னு பேசி வச்சுக்கங்க. ஒவ்வொரு வாரமும் கடனாவே நின்னா, அது நேரக் கணக்கு இல்லம்மா. வீட்டுல இருக்க அவருக்கு என்ன கஷ்டம்னுதான் கேக்கணும். கேட்டு, என்ன சொன்னாருன்னு எழுதுங்க. இப்பவே எனக்கு யூகிக்கத் தெரியல.