குழந்தையோட பழைய கார் சீட், ஸ்ட்ரோலர் விக்குறதுக்கு முன்னாடி விளம்பரத்துல என்ன எழுதணும்? வாசகர் கேள்விகளுக்கு பதில்

கே: கார் சீட் வாங்கி நாலரை வருஷம்தான் ஆகுது. "4 வருஷப் பழசு"ன்னு போடலாமா?

போடாதீங்க. வாங்குறவங்களுக்கு வேண்டியது தயாரிச்ச தேதி, நீங்க பில் போட்ட தேதி இல்ல. சீட்டைக் கவுத்துப் பாருங்க, அடியிலயோ பின்பக்கமோ ஒரு ஸ்டிக்கர்ல மாடல் நம்பரும் தயாரிப்பு தேதியும் இருக்கும். காலாவதி அதே ஸ்டிக்கர்ல இருக்கலாம், இல்லன்னா பிளாஸ்டிக்லயே அச்சாகியிருக்கும், சில கம்பெனி மேனுவல்ல மட்டும்தான் "தயாரிச்சதுலேர்ந்து இத்தனை வருஷம்"னு சொல்லியிருப்பாங்க. பெரும்பாலும் 6லேர்ந்து 10 வருஷத்துக்குள்ள வரும்.

போன வாரம் ஒருத்தர் சீட்டு படம் அனுப்பிக் கேட்டாங்க. வாங்கினது 2021 ஜனவரி, ஸ்டிக்கர்ல 2019 மார்ச், மேனுவல்ல 7 வருஷம். அப்போ காலாவதி 2026 மார்ச். கடை ஷெல்ஃப்லயே ரெண்டு வருஷம் கிட்ட போயிருக்கு, அவங்களுக்கே தெரியல. 2025 ஜூலைல அதை "4 வருஷப் பழசு"ன்னு வாங்குறவங்க இன்னும் மூணு வருஷம் ஓடும்னு நினைப்பாங்க, கையில மிச்சம் எட்டு மாசம்தான். ஸ்டிக்கர தெளிவா போட்டோ எடுத்துப் போட்டுட்டா பாதி சந்தேகம் அங்கயே தீந்துடும். ஸ்டிக்கர் கிழிஞ்சு தேதியே படிக்க முடியலன்னா அந்த சீட்டை விக்கவே வேணாம்.

கே: லேசா பின்னாடி இடிச்சுது, குழந்தை அப்போ சீட்ல இல்ல. அதையும் சொல்லணுமா?

சொல்லணும். காலி சீட்டா இருந்தாலும் கார் பெல்ட்லயோ கார்ல இருக்கிற ஆங்கர் கொக்கியிலயோ மாட்டியிருந்தா இடிச்ச வேகத்துல சீட்டையும் சேத்து இழுத்திருக்கும்ல. அமெரிக்க சாலைப் பாதுகாப்பு அமைப்பு NHTSA ஒரு விபத்தை "சின்னது"ன்னு சொல்ல அஞ்சு விஷயம் பாக்குது: வண்டிய அங்கேர்ந்து ஓட்டிட்டுப் போக முடிஞ்சுது, சீட்டுக்குப் பக்கத்துக் கதவு அடிபடல, யாருக்கும் காயமில்ல, ஏர்பேக் விரியல, சீட்ல கண்ணுக்குத் தெரியிற சேதம் இல்ல. அஞ்சும் சேந்து இருந்தாத்தான் சின்னது, ஒண்ணு தவறினாலும் சீட்டை மாத்தணும். ஆனா சில கம்பெனி மேனுவல் எந்த விபத்தா இருந்தாலும் மாத்துங்கன்னுதான் சொல்லுது, அப்போ மேனுவல் சொல்றதுதான் கணக்கு.

"சின்ன அடி"ன்னு மொட்டையா எழுதாம நடந்ததை எழுதுங்க. துணி கவரைக் கழட்டி உள்ள இருக்கிற தெர்மாகோல் மாதிரி நுரைல விரிசல் இருக்கா, பிளாஸ்டிக் வளைஞ்ச இடத்துல வெள்ளையா கோடு விழுந்திருக்கான்னு பாருங்க. ஒண்ணும் தெரியலன்னா அடிபடலன்னு அர்த்தம் இல்ல, அதனால "பாத்தோம், நல்லாருக்கு"ன்னு உத்தரவாதம் கொடுக்காதீங்க. நீங்களே செகண்ட் ஹேண்ட்ல வாங்கினதா? அப்போ "விபத்தே இல்ல"ன்னு சொல்ல உங்களுக்கு வழியில்ல, "எங்ககிட்ட வந்தப்புறம் இல்ல, அதுக்கு முன்னாடி தெரியாது"ன்னு எழுதுங்க.

கே: மார்புல மாட்டுற கிளிப்பும் பச்சக்குழந்தைக்கான குஷனும் தொலஞ்சுபோச்சு. ஆன்லைன்ல வேற கிடைக்குது, வாங்கி மாட்டி வித்துடவா?

அந்த மாடலுக்குன்னு அதே கம்பெனி தர்ற பார்ட்னா வாங்குங்க, பொதுவா எல்லாத்துக்கும் பொருந்தும்னு விக்கிறது வேணாம், ஏன்னா டெஸ்ட் பண்ணினது அந்த சீட்டோட வந்த பாகங்களோட சேத்துதான். பார்ட் கிடைக்கலன்னா என்ன இல்லன்னு பேர் சொல்லி எழுதுங்க. குஷன் இல்லன்னா எந்த எடைக்கு மேல அது தேவையில்லன்னு மேனுவல்ல இருக்கும், அதையும் சேத்துப் போட்டா பெரிய குழந்தை வெச்சிருக்கறவங்க எடுத்துக்குவாங்க. மார்பு கிளிப்போ பக்கிளோ இல்லன்னா அப்படியே விக்கக் கூடாது. பெல்ட் வாரை மெஷின்ல போட்டு துவைச்சிருந்தீங்களா? அதையும் ஒத்துக்கணும், துணி கவர் மாதிரி அது இல்ல, பெரும்பாலான மேனுவல் வேணாம்னுதான் சொல்லும்.

கே: ஸ்ட்ரோலருக்கும் காலாவதி உண்டா?

பொதுவா சீட் மாதிரி தேதி இருக்காது, ஆனா ஸ்ட்ரோலரும் கார் சீட்டும் சேந்த செட்டுன்னா ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க, சீட் காலாவதி ஆனாலும் ஸ்ட்ரோலர் ஓடும். ஸ்ட்ரோலர்ல பாக்கவேண்டியது பிரேக் பிடிக்குதா, மடிக்கிற லாக் டக்குனு விழுதா, பெல்ட் முழுசா இருக்கா, இதுதான். நான் பாத்த ஒரு விளம்பரத்துல "மிக நல்ல நிலை"ன்னு இருந்துச்சு, போய் சரிவுல நிறுத்தினா வண்டி மெதுவா நகருது, "அது எப்பவுமே அப்படித்தாங்க"ன்னு சிரிச்சாங்க. குறை இருக்குன்னு கம்பெனியே திரும்பக் கூப்பிடுற ரீகால் வந்திருக்கான்னு மாடல் நம்பரை வெச்சு கம்பெனி தளத்துல தேடிட்டு, தேடின தேதியையும் போடுங்க.

கே: அப்போ எப்படித்தான் எழுதுறது?

இந்த மாதிரி: "மாடல் நம்பர் படத்துல. தயாரிப்பு 2020 ஜூன், காலாவதி 2027 ஜூன். ஒரே வீட்டுல, ஒரே குழந்தை. விபத்து இல்ல. குஷன் இல்ல, மேனுவல் இருக்கு. கவர் துவைச்சது, வார் ஈரத்துணியால துடைச்சது மட்டும்."

கே: காலாவதி ஆனதை சும்மா கொடுக்கலாமா?

வேணாம். வாரை வெட்டிட்டு, பிளாஸ்டிக் மேல மார்க்கர்ல "காலாவதி"ன்னு பெருசா எழுதி குப்பைல போடுங்க, இல்லன்னா யாராவது எடுத்துட்டுப் போய் கார்ல மாட்டிடுவாங்க.