ரேட் மெசேஜில் எது சிம்பிள், எது காம்ப்ளெக்ஸ்?

"அண்ணா, நான் தண்டையார்பேட்டை. எம்.சி. ரோட்டுல புடவைக்கடை வச்சிருக்கறவர் 40 படம் அனுப்பி, பேக்ரவுண்டை வெள்ளையா மாத்தணும், ரேட் போடுன்னு சொல்றார். படத்துக்கு 25 ரூபாய்னு சொல்லிடட்டுமா, இல்ல சிம்பிள், காம்ப்ளெக்ஸ்னு பிரிக்கணுமா? பிரிச்சா எப்படி எழுதறது?"

பிரித்துத்தான் ஆக வேண்டும் தம்பி. எதை வைத்துப் பிரிப்பது என்பதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். பின்னாடி பைக், கொடியில் காயும் துணி, நாலு ஆள் என்று கசகசவென்று இருந்தால் அது காம்ப்ளெக்ஸ், வெறும் சுவர் என்றால் சிம்பிள் என்று கடைக்காரர் நினைப்பார். பின்னாடி இருப்பதைத்தான் மொத்தமாகத் தூக்கி எறியப் போகிறோமே, அதில் என்ன இருந்தால் நமக்கென்ன! நம் நேரத்தைத் தின்பது பொருளின் ஓரம். மடித்து வைத்த புடவைக்கு நாலு பக்கமும் பென் டூலில் கோடு போட்டால் வேலை முடிந்தது. அதே புடவையை ஒரு பெண் கட்டி, தலைமுடியை விரித்துவிட்டு, முந்தானைக் குஞ்சம் தொங்க நிற்கிறாள் என்றால் ஒவ்வொரு நூலுக்கும் இடையில் சுவர் தெரியும். நெட் துணியாக இருந்தால் துணிக்குள்ளேயே தெரியும். அங்கே பென் டூல் உதவாது, மாஸ்க் போட்டு பிரஷ்ஷால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க முடியும்.

நானே ஒரு காலத்தில் சௌகார்பேட்டைக் கடை ஒன்றுக்கு வெள்ளிக் கொலுசுப் படங்களை ஒரே ரேட்டில் ஒத்துக்கொண்டேன். எல்லாம் பளிச்சென்ற ஒரே கலர் துணி மேல் எடுத்தது, சும்மா வேலை என்று நினைப்பு. கொலுசின் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் அந்தத் துணி தெரிகிறது, வெள்ளி மேல் அதன் சாயம் வேறு விழுந்திருக்கிறது. பால் பாக்கெட் போடுகிறவர் வரும்வரை உட்கார்ந்து துளை துளையாக வெட்டினேன்.

சரி, உங்கள் 40 படத்துக்கு வருவோம். ரேட் சொல்வதற்கு முன் சிம்பிளில் ஒன்று, காம்ப்ளெக்ஸில் ஒன்று எடுத்து போனில் நேரம் வைத்து முடித்துப் பாருங்கள். முடித்ததும் பின்னால் அடர் நீல லேயர் ஒன்றைப் போட்டால், வெள்ளையில் கண்ணுக்குத் தப்பிய பழைய சுவரின் மிச்சம் ஓரத்தில் கோடு மாதிரி தெரியும்; அதைத் துடைக்கும் நேரமும் கணக்கில் சேரும். மடித்த புடவை 5 நிமிடம், பெண் நிற்கும் படம் 30 நிமிடம் ஆகிறது, மணிக்கு 240 ரூபாய் கிடைத்தால் போதும் என்று வைத்துக்கொள்வோம். சிம்பிள் 20 ரூபாய், காம்ப்ளெக்ஸ் 120 ரூபாய். 28 மடித்தது, 12 நிற்பது என்றால் 560-உம் 1,440-உம் சேர்த்து 2,000. எட்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கிற இந்த வேலைக்கு, நீங்கள் நினைத்த 25 ரூபாய்க் கணக்கில் 1,000தான் வரும்.

மெசேஜில் "சிம்பிள்", "காம்ப்ளெக்ஸ்" என்று மட்டும் எழுதினால் பிறகு படத்துக்குப் படம் வாக்குவாதம் நடக்கும். அவர் கண்ணுக்குத் தெரிகிற பொருளைச் சொல்லுங்கள், படத்தின் எண்ணையும் போட்டுவிடுங்கள்:

"வணக்கம்ணா. 40 படமும் பார்த்தேன். மடித்த புடவை, பெட்டி (1 முதல் 28 வரை) படத்துக்கு 20 ரூபாய். தலைமுடி, குஞ்சம், நெட் துணி வருகிற படம் (29 முதல் 40 வரை) படத்துக்கு 120 ரூபாய். மொத்தம் 2,000 ரூபாய். பேக்ரவுண்ட் வெள்ளையாக்கி ஜேபெக் ஃபைலாகத் தருவேன், இரண்டு தடவை கரெக்ஷன் இதில் அடக்கம். கீழே நிழல் போடுவது, புடவைக் கலர் மாற்றுவது தனி. பாதி அட்வான்ஸ் வந்ததும் ஆரம்பித்து மூன்று நாளில் முடித்துத் தருகிறேன். ஒரிஜினல் படங்களை வாட்ஸ்ஆப்பில் டாக்குமெண்டாக அனுப்புங்கள்ணா."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்ஆப் படத்தைச் சுருக்கிவிடும், முடி ஓரமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்து வரும், அப்புறம் 30 நிமிடம் 50 ஆகும். நிழல் தனி என்பதும் அப்படித்தான். வெட்டி வெள்ளையில் வைத்ததும் பொருள் அந்தரத்தில் மிதக்கிற மாதிரி தெரியும், "கீழே லேசா நிழல் குடுப்பா" என்று கட்டாயம் கேட்பார்.

பேரம் பேசுவார், எம்.சி. ரோட்டில் பேசாமலா! 120-ஐ அப்படியே 80 ஆக்காதீர்கள், வேலையைக் குறைத்துக் கொடுங்கள். அந்த 12 படத்திலும் சுவர் வெளிர் நிறமாக இருந்தால், சுத்த வெள்ளைக்குப் பதில் வெளிர் சாம்பல் போதுமா என்று கேளுங்கள். முடி நுனியில் ஒட்டியிருக்கும் சுவர் நிறம் அந்தச் சாம்பலோடு கலந்துவிடும், ஒவ்வொரு இழையாகத் துடைக்க வேண்டியதில்லை. ஒரு படத்தை அப்படிச் செய்து நேரம் பாருங்கள், 15 நிமிடத்தில் முடிந்தால் 60 ரூபாய் என்று தாராளமாகச் சொல்லலாம்.