மழையில் மங்கும் முன்கண்ணாடியும் ஆட்டோ ஏசியும்

கேள்வி: மழையில் நனைந்தபடி நான்கு பேர் காரில் ஏறினோம். இரண்டே நிமிடத்தில் முன்கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. ஏசி ஆட்டோ மோடில் 22 டிகிரியில் இருந்தது. சட்டென்று எதை அழுத்துவது?

பதில்: முதலில் வைப்பரை ஒரு முறை ஓட்டுங்கள். போகவில்லையா, ஆவி உள்பக்கம்தான். வளைந்த அம்புகள் மேலே போவதுபோல் கண்ணாடிப் படம் போட்ட பொத்தான் இருக்கும், அதை அழுத்துங்கள். பல வண்டிகளில் அதுவே ஏசியைப் போட்டு, வெளிக்காற்றுக்கு மாற்றி, ஃபேனையும் கூட்டிவிடும். ஆனாலும் நம்பிவிடாமல் விளக்குகளைப் பாருங்கள். ஏசி விளக்கு எரிய வேண்டும், உள்காற்றையே சுற்றவிடும் ரீசர்குலேஷன் விளக்கு அணைந்திருக்க வேண்டும். அப்புறம் 25, 26க்கு ஏற்றுங்கள். டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் காற்றின் ஈரம் தண்ணீராகி, குழாய் வழியே வண்டிக்கு அடியில் சொட்டிவிடும். உலர்ந்த அந்தக் காற்று கொஞ்சம் சூடாகவும் வந்தால்தான் கண்ணாடி சீக்கிரம் காயும்.

கேள்வி: மழை நேரத்தில் வெளிக்காற்று முழுக்க ஈரம். அதை ஏன் உள்ளே விட வேண்டும்? நான் ரீசர்குலேஷனில் ஏசி போட்டே சமாளிக்கிறேன்.

பதில்: நீங்கள் சொல்வது பாதி சரி. ஏசி ஓடும்வரை அதே காற்று திரும்பத் திரும்பக் காயிலில் பட்டு உலரத்தான் செய்யும். தனியாக, நனையாமல் போகிறவருக்கு அது போதும். நான்கு பேரின் மூச்சும் ஈரத் துணியும் சேர்ந்தால் கதை மாறும். கம்ப்ரசர் கொஞ்சம் நின்றாலும் ஈரம் உள்ளேயே சுற்றும். நான் வெளிக்காற்றில்தான் வைப்பேன். உங்கள் வண்டியில் எது வேகம் என்று ஒரு மழைநாளில் பார்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு ஏசி போட்டால்தான் மங்குகிறது. வெப்பநிலையை LO வரை குறைத்து வைத்துக் காற்றைக் கண்ணாடிக்கே விடுகிறேன். வைப்பர் போட்டால் போகிறது, உடனே திரும்ப வருகிறது.

பதில்: உங்களுக்கு ஆவி படிவது வெளிப்பக்கம். ஜில்லென்ற தண்ணீர் உள்ள டம்ளர் வெளியே வியர்க்கிறதே, அதேதான். குளிர்காற்றைக் கண்ணாடியில் அடிக்க அடிக்க இன்னும் மோசமாகும். வெப்பத்தை ஏற்றி, காற்றை முகத்துக்கும் காலுக்கும் திருப்புங்கள். நானும் ஒரு முறை பாதி வழி உள்ளே துண்டால் துடைத்துக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்த நண்பர் வைப்பரைத் தட்டிவிட்ட பிறகுதான் புரிந்தது.

கேள்வி: கண்ணாடி தெளிந்ததும் ஏசியை அணைத்தேன். அடுத்த நொடியே மூடிக்கொண்டது. ஏசி ரிப்பேரா?

பதில்: ரிப்பேர் இல்லை. காயிலில் ஒட்டியிருந்த ஈரம், ஃபேன் காற்றோடு கண்ணாடிக்கு வந்துவிட்டது. மழை நிற்கும்வரை ஏசி ஓடட்டும்.

கேள்வி: மழையே இல்லாதபோதும் என் வண்டியில் உள்ளே ஆவி படிகிறது. இனிப்பு வாசனை வேறு, துடைத்தால் பிசுபிசுக்கிறது.

பதில்: ஹீட்டர் காயிலில் கூலன்ட் கசிகிறதோ என்று சந்தேகம். இன்ஜின் ஆறியதும் கூலன்ட் டப்பாவில் அளவு குறைந்திருக்கிறதா, முன்பக்கக் கால்மிதிக்கு அடியில் ஈரமா என்று பாருங்கள். ஈரம் வெறும் தண்ணீராக இருந்தால் ஏசி வடிகுழாய் அடைத்திருக்கலாம்.