பட்டறைக்கு எத்தனை கேவிஏ ஜெனரேட்டர்? கம்ப்ரசரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்

கேள்வி: 5 ஹெச்.பி. கம்ப்ரசர், 3 ஹெச்.பி. லேத், ட்ரில்லிங், கிரைண்டர் எல்லாம் சேர்த்து 10 ஹெச்.பி. வருகிறது, மூன்று ஃபேஸ். 10 கேவிஏ ஜெனரேட்டர் போதும் என்கிறார்கள். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஓவர்லோடு ஆகாமல் இருக்குமா?

ஆகும். ஸ்டார்ட் ஆகும் நேரம் இருக்கட்டும், எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே 10 கேவிஏ பத்தாது.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் படித்த இன்ஜினியர் கிடையாது. ஏறக்குறைய உங்களுடைய பட்டியலேதான் என் பட்டறையிலும். ஜெனரேட்டர் வாங்கப் போனபோது ஒருவர் 12.5 கேவிஏ போதும் என்றார், இன்னொருவர் 40-க்குக் குறைந்து எடுக்கவே கூடாது என்றார். நான் எடுத்தது 20. "மோட்டார் எரியும், பாருங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். மோட்டாரும் எரியவில்லை, ஜெனரேட்டரும் திணறவில்லை. அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை, அந்த இரண்டு பேரும் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. இரண்டுக்கும் கணக்கு இருக்கிறது. மோட்டார் பிளேட்டில் போட்டிருக்கும் ஆம்பியரை எடுத்து, வோல்டேஜால் பெருக்கி, 1.732-ஆல் பெருக்கி, 1000-ஆல் வகுத்தால் கேவிஏ வந்துவிடும். என் கம்ப்ரசர் மோட்டார் 415 வோல்ட்டில் 7.2 ஆம்பியர், அதாவது 5 கேவிஏவுக்குக் கொஞ்சம் மேல். லேத், ட்ரில், கிரைண்டர், லைட், ஃபேன் எல்லாம் சேர்ந்து இன்னொரு 7. ஆக மொத்தம் 12. முதல் ஆள் இங்கேயே நிறுத்திவிட்டார்.

இரண்டாவது ஆள் கம்ப்ரசர் கிளம்பும் கணத்தையும் சேர்த்துக்கொண்டார். நேராக லைனில் போட்டால் இந்த வகை மோட்டார் கிளம்பும்போது ஓடும் கரண்டைப் போல ஆறேழு மடங்கு இழுக்கும். என்னுடையதை இன்ரஷ் அளக்கும் கிளாம்ப் மீட்டரில் பார்த்தபோது 46 ஆம்பியர் காட்டியது. (சாதாரண கிளாம்ப் மீட்டரை நம்பாதீர்கள். அது கண்ணை விழிப்பதற்குள் உச்சம் போய்விடும்.) 46 ஆம்பியர் என்றால் 33 கேவிஏ. ஏற்கனவே ஓடும் 7-ஐச் சேர்த்தால் 40. கணக்கில் தப்பே இல்லை.

ஆனால் அந்த 33 ஒரு நொடி, ஒன்றரை நொடிக்குத்தான். அதுவும் பவர் ஃபேக்டர் மிகக் குறைவான கரண்ட். டீசல் இன்ஜினுக்கு அதில் பெரிய சுமை கிடையாது, அடி விழுவது ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் மீது. ஒரு நொடிக்குத் தன் அளவுக்கு மேலே கொடுக்க ஆல்டர்னேட்டரால் முடியும், ஆனால் கொடுக்கும்போது வோல்டேஜ் இறங்கும். எவ்வளவு இறங்கினால் நமக்குப் பிரச்சினை என்பதுதான் இங்கே கேட்க வேண்டிய கேள்வி.

வழக்கமான ஆல்டர்னேட்டரை வைத்துப் போட்ட தோராயக் கணக்கில், 20 கேவிஏ செட்டில் இந்த மோட்டாரை நேராகப் போட்டால் வோல்டேஜ் கிட்டத்தட்ட கால் பங்கு விழும். 415 என்பது 315 பக்கம் வந்துவிடும். அங்கே இரண்டு தொல்லை. ஒன்று, மோட்டாரின் டார்க் வோல்டேஜின் வர்க்கத்தில் குறையும், அதாவது முக்கால் வோல்டேஜுக்குப் பாதிக்குச் சற்று மேல் டார்க்தான் மிஞ்சும். கம்ப்ரசர் உறுமிக்கொண்டே நிற்கும், கிளம்ப நேரமாகும், அவ்வளவு நேரமும் கரண்ட் உச்சத்திலேயே இருக்கும். இரண்டு, ஓடிக்கொண்டிருக்கும் மற்ற மெஷின்களின் கான்டாக்டர் காயிலுக்கும் அதே வோல்டேஜ்தான். அவை படபடவென்று அடித்துக்கொள்ளும், இல்லையென்றால் விட்டுவிடும். லேத்தில் வேலை நடுவில் நின்று, டூல் பிட் உடைவது இப்படித்தான்.

"பெரிய மோட்டாரை முதலில் போடு, அப்புறம் சின்னது" என்று எல்லோரும் சொல்வார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் கம்ப்ரசருக்கு அது செல்லாது, ஏனென்றால் கம்ப்ரசரை ஸ்டார்ட் செய்வது நீங்கள் இல்லை, பிரஷர் சுவிட்ச். காலையில் ஒழுங்காக அதை முதலில் போட்டிருப்பீர்கள். டேங்கில் காற்று இறங்கியதும் எல்லா மெஷினும் ஓடும் நேரமாகப் பார்த்து அது தானாகவே கிளம்பும். உங்கள் கணக்கும் அந்த நேரத்துக்குத்தான் போட வேண்டும்.

நான் செய்தது, 40 கேவிஏவுக்குப் பணத்தைக் கொட்டாமல் கம்ப்ரசரைச் சரி செய்தது. ஸ்டார் டெல்டா ஸ்டார்டர் போட்டோம். ஸ்டாரில் கிளம்பும்போது லைன் கரண்ட் மூன்றில் ஒரு பங்கு, 33 கேவிஏ 11 ஆகிவிடும். வோல்டேஜ் பத்து சதவீதம் போல இறங்கி எழும், யாருக்கும் தெரியாது. இதற்கு மோட்டார் 415 வோல்ட்டில் டெல்டாவில் ஓடுவதாக இருக்க வேண்டும், டெர்மினல் பெட்டியில் ஆறு முனையும் வெளியே வந்திருக்க வேண்டும். பிளேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளேட் என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ரீவைண்டிங் முடிந்து வரும் மோட்டாரைப் புதுசு மாதிரி காட்ட பிளேட்டின் மேலேயே பெயின்ட் அடித்துத் தருகிறார்களே, அவர்களை என்ன செய்வது? என்னுடையதைத் தின்னர் தொட்டுத் தொட்டுச் சுரண்டி எடுத்தேன். மோட்டாரில் எழுதிவைத்திருக்கும் ஒரே உண்மை அதுதான், அதையும் மூடிவிட்டால் அடுத்தவன் எதை வைத்துக் கணக்குப் போடுவான்? சரி, விடுங்கள்.

ஸ்டார் டெல்டாவில் ஒரு வில்லங்கம் உண்டு. கரண்ட் மூன்றில் ஒன்றாகும்போது டார்க்கும் மூன்றில் ஒன்றாகிவிடும். பிஸ்டன் தலையில் பழைய பிரஷர் நின்றிருந்தால் மோட்டார் ஸ்டாரில் வேகம் பிடிக்காது. டைமர் அதற்காகக் காத்திருக்காது, நேரமானதும் டெல்டாவுக்கு மாற்றிவிடும். நின்ற நிலையிலிருந்து நேராகப் போட்ட மாதிரியே அடி விழும். "ஸ்டார் டெல்டா போட்டேன், ஒரு பிரயோஜனமும் இல்லை" என்று புலம்புகிறவர்களில் பலருக்கு இதுதான் நடந்திருக்கும்.

ஆகவே அன்லோடரைப் பாருங்கள். கம்ப்ரசர் கட் ஆனதும் பிரஷர் சுவிட்ச் பக்கத்திலிருந்து "புஸ்ஸ்" என்று காற்று வெளியேறி, சில நொடிகளில் அடங்க வேண்டும். தலைக்கும் டேங்குக்கும் நடுவிலிருக்கும் குழாயின் பிரஷர் அப்படித்தான் காலியாகிறது. சத்தமே வரவில்லை என்றால் அன்லோடர் வால்வு அடைத்திருக்கிறது அல்லது வேலை செய்யவில்லை. சத்தம் அடங்காமல் வந்துகொண்டே இருந்தால் டேங்க் வாயிலில் இருக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு கசிகிறது, டேங்குக் காற்று பின்னால் திரும்பி வருகிறது. என்னுடையதில் இரண்டாவது கேஸ். வால்வைக் கழற்றினால் சீட்டில் கரி படிந்து, உள்ளே இருந்த வட்டு ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. மாற்றிய பிறகு ஸ்டாரிலேயே மோட்டார் முழு வேகத்துக்கு வந்துவிட்டது, டெல்டாவுக்கு மாறுவது காதில் ஒரு சின்னத் "டக்", அவ்வளவுதான். கழற்றுவதற்கு முன் டேங்கை முழுக்கக் காலி செய்துவிடுங்கள், மெயினையும் அணைத்துவிடுங்கள்.

இன்னொரு சின்ன வேலை, கம்ப்ரசரின் கான்டாக்டர் காயில் லைனில் ஒரு ஆன்-டிலே டைமர். கரண்ட் போய், சேஞ்ச்ஓவரை ஜெனரேட்டர் பக்கம் தள்ளினால், மற்ற மெஷின்களின் ஸ்டார்டர்கள் தானாகவே விட்டிருக்கும், நீங்கள் பட்டனை அழுத்தினால்தான் எடுக்கும். பிரஷர் சுவிட்சில் ஓடும் கம்ப்ரசருக்கு அந்த ஒழுக்கம் கிடையாது, வோல்டேஜ் வந்த கணமே கிளம்பும். முப்பது நொடி தாமதம் வைத்தால் இன்ஜின் நிலைக்கு வந்த பிறகு எடுக்கும். வெறும் ரோட்டரி சுவிட்சில் ஓடும் பழைய மெஷின் இருந்தால் அதையும் கவனியுங்கள், அதுவும் கூடவே கிளம்பும், கைக்கும் ஆபத்து.

"எதற்கு இவ்வளவு பாடு, பெரியதாக வாங்கினால் தீர்ந்தது" என்று கீழே யாராவது எழுதத்தான் போகிறீர்கள். பெரிய டீசல் செட்டுக்கு லோடு பத்தாமல் போவதும் ஒரு நோய்தான். கம்ப்ரசர் நின்று லேத் மட்டும் ஓடும்போது 40 கேவிஏ செட்டில் பத்து சதவீதம்கூட லோடு இருக்காது. முப்பது சதவீதத்துக்குக் கீழே நாள்முழுக்க ஓடும் இன்ஜின் போதிய சூடு ஏறாமல், எரியாத டீசலையும் ஆயிலையும் சைலன்சர் வழியாகக் கறுப்பாக ஒழுகவிடும். 20 கேவிஏவில் எல்லாம் ஓடும்போது அறுபது சதவீதம், அது இன்ஜினுக்கு வசதியான இடம். 15-லும் ஸ்டார்டிங் சமாளிக்கும், ஆனால் ஓடும் லோடே எண்பது சதவீதத்தைத் தொட்டுவிடும், நாளைக்கு ஒரு கிரைண்டர் கூடினால் இடம் இல்லை. வெல்டிங் செட் இருந்தால் இந்தக் கணக்கே வேறு, அதை இதில் நான் சேர்க்கவில்லை. சிங்கிள் ஃபேஸ் மோட்டாராக இருந்தால் ஸ்டார் டெல்டா கிடையாது, அன்லோடரும் டைமரும் மட்டும் பொருந்தும்.

செட் வந்து இறங்கிய அன்றே, இறக்கியவர்கள் கிளம்புவதற்குள் சோதித்துவிடுங்கள். கம்ப்ரசர் தவிர எல்லாவற்றையும் ஓடவிட்டு, வோல்ட்மீட்டரை மினிமம் ஹோல்டில் வைத்து, டேங்கைத் திறந்துவிட்டுக் கம்ப்ரசர் தானாகக் கிளம்பும்வரை நில்லுங்கள். லைட் மங்கி, கான்டாக்டர் படபடத்து, ஆனால் இன்ஜின் சத்தம் மாறாமல் இருந்தால் குறை ஆல்டர்னேட்டர் பக்கம், அல்லது உங்கள் ஸ்டார்டிங் கரண்ட் அதிகம். இன்ஜின் முக்கி, ஃப்ரீக்வென்சி இறங்கி, மேலே வர நேரம் எடுத்தால் குறை இன்ஜின் பக்கம். ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், கவர்னர் என்று அங்கிருந்து பார்க்கச் சொல்லுங்கள். ஜெனரேட்டர் பிரேக்கரே விழுந்தால் கிளம்பும் கணத்து உச்சத்தின் மேல் பழி போடாதீர்கள், 32 ஆம்பியர் சி-டைப் பிரேக்கர் அதைத் தாங்கும். மோட்டார் கிளம்ப முடியாமல் பல நொடி இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது, மறுபடி அந்த "புஸ்ஸ்" சத்தத்தைப் போய்க் கேளுங்கள்.