ஓவர்டைம் இல்லாத மாதத்தில் தவணை எங்கிருந்து வரும்?

"எனக்கு வயது 24. ஒரு பட்டறையில் மூன்று வருடமாக லேத் ஓட்டுகிறேன். சி.என்.சி. மெஷின் படிக்க ஆசை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலை வகுப்பு. கட்டணம் 50,000, தேர்வுக்கும் புத்தகத்துக்கும் 4,000. என்னிடம் 15,000 சேமிப்பு இருக்கிறது. அம்மாவின் அண்ணனிடம் 60,000 கடன் கேட்டுக் கடிதம் எழுதப் போகிறேன். சம்பளம் 18,000, ஒவ்வொரு மாதமும் 7-ஆம் தேதி வரும். ஓவர்டைம் 2,500-லிருந்து 6,000 வரை, சராசரியாக 4,000 கிடைக்கும். செலவு 16,000. மிச்சம் 6,000 நிற்பதால் மாதம் 5,000 வீதம் ஒரே வருடத்தில் அடைத்துவிடுவேன். படிப்பு முடிந்ததும் சம்பளமும் கூடும். மாமா நம்பும்படி எப்படி எழுதுவது? அம்மாவை விட்டுப் பேசச் சொல்லலாமா?"

— ஒரு வாசகர்

தம்பி, கடிதத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த 5,000-ஐப் பார்க்க வேண்டும், ஏனென்றால் முதல் தவணையிலேயே அது இடிக்கும். வகுப்பு மாலையில் நடக்கிறது. ஓவர்டைமும் மாலையில்தானே? அப்படியானால் படிக்கிற நான்கு மாதமும் ஓவர்டைம் கிடையாது. 18,000 வரும், 16,000 போகும், கையில் 2,000 நிற்கும். அதில் வகுப்புக்குப் போய்வரும் செலவும் இருக்கிறது. இந்த நிலையில் 5,000 தருவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, முதல் தவணைக்கே மாமாவிடம் போய்த் தலையைச் சொறிய வேண்டியிருக்கும். உங்கள் எண்ணத்தில் எந்தக் குறையும் இல்லை. கணக்கைச் சராசரி மாதத்தை வைத்துப் போட்டதுதான் குறை. தவணையை எப்போதும் வருமானம் மிகக் குறைந்த மாதத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நல்ல மாதத்தில் கூடுதலாகக் கொடுத்தால் யாரும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை.

படிப்பு முடிந்ததும் கூடும் என்று நினைக்கிற சம்பளத்தையும் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். சான்றிதழ் கைக்கு வந்த மறுநாளே முதலாளி சம்பளத்தை ஏற்றித் தருவார் என்று சொல்ல முடியாது. உங்கள் பட்டறையில் சி.என்.சி. மெஷின் இல்லையென்றால் வேறு வேலை தேட வேண்டும், அதற்கும் நாளாகும். கடனை இன்றைய சம்பளத்திலேயே அடைக்க முடிகிற மாதிரி திட்டம் இருக்கட்டும்.

அடுத்தது, எவ்வளவு கேட்பது? படிப்புக்கு மொத்தம் 54,000 வேண்டும். சேமிப்பில் 3,000-ஐ அவசரத்துக்கு வைத்துக்கொண்டு 12,000 போடுங்கள். மீதி 42,000, அதுதான் நீங்கள் கேட்க வேண்டிய தொகை. கையில் கொஞ்சம் இருக்கட்டும் என்று 60,000 கேட்டால், அந்த அதிகப்படி 18,000 எதற்கு என்ற கேள்வி மாமா மனதில் எழும். அவர் வாய்விட்டுக் கேட்காமலே போகலாம், அப்போது அது சந்தேகமாக உள்ளேயே தங்கிவிடும். உங்கள் பணத்தையும் போடுகிறீர்கள் என்று தெரிந்தால் அவருக்கு வரும் நம்பிக்கை வேறு.

இப்போது தேதிகளுக்கு வருவோம். 7-ஆம் தேதி வருவது முந்தின மாதச் சம்பளம். ஆகவே ஜூனில் வகுப்புக்குப் போகத் தொடங்கினால் அந்தக் குறைந்த சம்பளம் ஜூலை 7-இல்தான் தெரியும். அதேபோல் அக்டோபரில் மறுபடி ஓவர்டைம் பார்த்தால் அந்தப் பணம் நவம்பர் 7-இல்தான் வரும். இதைக் கவனிக்காமல் வகுப்பு முடிந்த கையோடு, அக்டோபரிலிருந்தே பெரிய தவணை தருவதாக எழுதினால் அந்த மாதம் மாட்டிக்கொள்வீர்கள். தவணைத் தேதியை 10 என்று வையுங்கள். சம்பளம் ஓரிரு நாள் தள்ளிப்போனாலும் சமாளிக்கலாம்.

ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் நான்கு மாதமும் 1,000 வீதம் கொடுங்கள். படிப்பு முடிகிறவரை தவணையே வேண்டாம் என்று மாமா சொன்னாலும் இந்த 1,000-ஐ நிறுத்த வேண்டாம் என்பேன். நான்கு மாதம் எதுவும் வராமல் இருந்தால் கொடுத்தவருக்கு அந்தப் பணம் போய்விட்டது போலத் தோன்றும். வாங்கியவருக்கும் கடன் இருக்கிற நினைப்பு மங்கிவிடும், அந்தத் தொகை வேறு செலவுக்குப் பழகிவிடும். நவம்பரிலிருந்து ஓவர்டைம் மிகக் குறைந்த 2,500 மட்டுமே வந்தாலும் உங்களிடம் 4,500 நிற்கும். அதில் 3,500 தவணை, 1,000 கைச்செலவு. அடுத்த ஆகஸ்ட் வரை பத்துத் தவணை, 35,000. முன்பு கொடுத்த 4,000-ஐச் சேர்த்தால் 39,000. மீதி 3,000-ஐச் செப்டம்பரில் கொடுத்தால் முடிந்தது. மொத்தம் 15 தவணை. நீங்கள் நினைத்த ஒரு வருடத்தைவிட மூன்று தவணை கூடுதல்தான். ஆனால் ஒரு மாதமும் தவறாமல் கொடுக்கக்கூடிய கணக்கு இது.

சரி, கடிதம். பாசத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். நீங்கள்தான் எனக்கு அப்பா மாதிரி என்றெல்லாம் எழுதிவிட்டு அடுத்த வரியில் பணம் கேட்டால், அந்தப் பாசமே அவருக்கு நெருக்கடியாகிவிடும். இந்த மாதிரி எழுதலாம்:

"அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்களிடம் ஒரு கடன் கேட்டு இதை எழுதுகிறேன்.

சி.என்.சி. பயிற்சிக்குச் சேர விரும்புகிறேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலை வகுப்பு. மொத்தச் செலவு 54,000. என் சேமிப்பிலிருந்து 12,000 போடுகிறேன். மீதி 42,000-ஐ நீங்கள் கடனாகக் கொடுத்து உதவ முடியுமா? மே 25-க்குள் கட்டணம் கட்ட வேண்டும். நீங்கள் விரும்பினால் அதை நேரே பயிற்சி நிலையத்தின் கணக்கிலேயே செலுத்தலாம். கட்டண விவரத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

படிக்கும்போது ஓவர்டைம் பார்க்க முடியாது. அதனால் ஜூலை முதல் அக்டோபர் வரை மாதம் 1,000 தருகிறேன். நவம்பரிலிருந்து அடுத்த ஆகஸ்ட் வரை மாதம் 3,500, செப்டம்பரில் கடைசியாக 3,000. ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி உங்கள் கணக்கில் போட்டுவிடுவேன். நவம்பருக்குப் பிறகு ஏதாவது ஒரு மாதம் ஓவர்டைம் இல்லாமல் போனால் அந்த மாதம் 1,500 தருவேன். அதை 5-ஆம் தேதிக்கு முன்பே சொல்லிவிடுவேன். குறைந்த தொகையைக் கடைசியில் சேர்த்துக் கட்டுவேன்.

இந்தப் பணத்துக்காக ஏதாவது வைப்புத்தொகையை இடையில் எடுக்க வேண்டியிருந்தால் அதனால் குறையும் வட்டியை நான் தந்துவிடுகிறேன். அத்தையிடமும் கலந்து பேசிச் சொல்லுங்கள். இப்போது வசதிப்படாது என்றால் தயங்காமல் சொல்லுங்கள் மாமா. நான் சேர்த்து வைத்து அடுத்த வகுப்பில் சேர்ந்துகொள்வேன்.

உங்கள் மருமகன்"

இதில் நான் மிக முக்கியமாக நினைப்பது ஓவர்டைம் இல்லாத மாதத்தைப் பற்றிய வரி. பணம் குறைந்ததால் முறிகிற உறவு குறைவு. தவணை நாளில் போனை எடுக்காமல் ஒளிந்துகொள்வதால்தான் பெரும்பாலும் முறிகிறது. ஓவர்டைம் எவ்வளவு என்று மாதக் கடைசியிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும், ஆகவே 5-ஆம் தேதிக்குள் சொல்வது முடியாத காரியம் இல்லை. மூன்று மாதம் தொடர்ந்து ஓவர்டைம் இல்லாமல் போனாலும் மாதம் 2,000 வீதம் 6,000 தான் பின்தங்கும், கடன் இரண்டு மாதம் நீளும். இதை முன்கூட்டியே எழுதிவிட்டால் அப்படி ஒரு மாதம் வரும்போது புதிதாகச் சாக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒத்துக்கொண்டபடிதான் நடக்கிறது என்று இருவருக்கும் தெரியும்.

அத்தையின் பெயரைச் சும்மா போடவில்லை. வீட்டுப் பணம் அவருக்குத் தெரியாமல் வெளியே போய், பிறகு வேறு வழியில் தெரியவந்தால் அந்தக் கசப்பு உங்கள் தலையில்தான் விடியும். நேரே நிலையத்துக்குக் கட்டச் சொல்லும் வரியும் அவசியம். மாமா அப்படிச் செய்யாமல் உங்கள் கையிலேயே கொடுக்கலாம், ஆனால் உங்களுக்கு மறைக்க ஒன்றுமில்லை என்பது அதில் தெரிந்துவிடும்.

அம்மாவை விட்டுப் பேசச் சொல்ல வேண்டாம். தங்கை வந்து கேட்டால் அண்ணனால் முடியாது என்று சொல்ல வாய் வராது. முடியாத நேரத்திலும் எங்காவது புரட்டிக் கொடுப்பார். நாளைக்கு ஒரு தவணை தள்ளிப்போனால் அவர்கள் இருவருக்கும் நடுவில் சங்கடம் வரும், அதை உங்களால் சரிசெய்ய முடியாது. ஆனால் கடிதம் அனுப்புவதற்கு முன் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். தன் மகன் கடன் கேட்டிருக்கிறான் என்பதை அவர் அண்ணன் வாயால் கேட்கக் கூடாது.

மாமா சம்மதித்தால் கடிதத்தின் ஒரு பிரதியை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள். தவணையைக் கையில் கொடுக்காமல் வங்கிக் கணக்கிலேயே போடுங்கள். போட்டதும் "நான்காவது தவணை 1,000 போட்டிருக்கிறேன் மாமா, பாக்கி 38,000" என்று ஒரு வரி அனுப்புங்கள். ஒவ்வொரு முறையும் பாக்கித் தொகை எழுத்தில் இருந்தால், ஒரு வருடம் கழித்து அவர் ஒரு கணக்கும் நீங்கள் ஒரு கணக்கும் சொல்கிற நிலை வராது. கடன் முடிகிறவரை புது போன், வண்டி என்று பெரிதாக எதுவும் வாங்க வேண்டாம். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் மாமாவுக்கு முதலில் தெரியட்டும்.

அவர் பாதிதான் முடியும் என்றால், கட்டணத்தை இரண்டு தவணையாக வாங்குவார்களா என்று நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். முடியவே முடியாது என்றாலும் வழி இருக்கிறது. இன்னும் ஆறு மாதம் ஓவர்டைம் பார்த்து, மிகக் குறைந்த கணக்கில் மாதம் 4,500 சேர்த்தாலே 27,000 ஆகிவிடும். கையிலிருக்கிற 12,000-த்தோடு 39,000. அதற்குப் பிறகு தொடங்கும் வகுப்புக்கு உங்களுக்கு 15,000 தான் குறையும். அடுத்த வகுப்பு எந்த மாதம், கட்டணம் மாறுமா என்பதைக் கடிதம் அனுப்புவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள், மாமா கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும்.