ஸ்போர்ட்ஸ் டேயில் எல்லாருக்கும் பாயிண்ட்: ஒரு பி.இ.டி. சாரின் கணக்கு

கேள்வி: எங்கள் பள்ளியில் நாலு ஹவுஸ். ஜெயிப்பவர்களுக்கு மட்டும்தான் பாயிண்ட் என்பதால் பாதிப் பிள்ளைகள் பந்தலில் உட்கார்ந்தே இருக்கிறார்கள். கலந்துகொள்பவர்களுக்கும் எப்படி பாயிண்ட் தருவது?

பதில்: அன்றைய போட்டிகளுக்கு வழக்கமான பாயிண்டே இருக்கட்டும். நாங்கள் தனிப்போட்டிக்கு 5, 3, 1, ரிலேக்கு 10, 6, 2 தருகிறோம். ஒருவருக்கு இரண்டு தனிப்போட்டி, ஒரு ரிலே என்று மட்டும் வரம்பு வையுங்கள்.

இதோடு "ஓடினாலே ஒரு பாயிண்ட்" என்று சேர்க்கத்தான் முதலில் தோன்றும். ஹவுஸுக்கு இரண்டு பேர் என்று எடுத்தால் நாலு ஹவுஸுக்கும் அதே பாயிண்ட் ஏறும், வரிசை மாறாது. எத்தனை பேர் வேண்டுமானாலும் வரலாம் என்றால் ஆள் அதிகமுள்ள ஹவுஸ் சும்மாவே முந்திவிடும்.

அதனால் கலந்துகொள்ளும் பாயிண்டை முந்தைய வாரமே பி.இ.டி. பீரியடில் முடித்துவிடுங்கள். 100 மீட்டர் ஓட்டம், நின்ற இடத்திலிருந்து தாண்டுதல், பந்து எறிதல் இவற்றில் ஒன்றை மாணவரே எடுத்துக்கொள்ளலாம். செய்து முடித்தால் 1. வயதுக்கேற்ற இலக்கைத் தொட்டால் இன்னொரு 1. இலக்கை நாமாக யூகிக்கக் கூடாது. ஒரு வகுப்பை ஓடவிட்டு நேரங்களை வேகமானவரிலிருந்து வரிசையாக எழுதுங்கள். 36 பேர் என்றால் 24-வது ஆளின் நேரம்தான் இலக்கு. மூன்றில் இரண்டு பேர் தொட்டுவிடுவார்கள், மீதிப்பேருக்கும் எட்டிவிடும் தூரம்தான். ஆண், பெண் இருவருக்கும் தனித்தனியாக எடுங்கள்.

அப்புறம் கூட்டலை விட்டுவிட்டுச் சதவீதம் போடுங்கள். சிவப்பு ஹவுஸில் 118 பேர், ஆளுக்கு 2 வீதம் அதிகபட்சம் 236. செய்தவர்கள் 110, இலக்கைத் தொட்டவர்கள் 74, மொத்தம் 184. அது 78 சதவீதம், ஆகவே 78 பாயிண்ட். நீல ஹவுஸில் 124 பேர், 248-க்கு 102-ம் 70-ம் சேர்ந்து 172, அதாவது 69. மைதானத்தில் நீலம் 110, சிவப்பு 104 எடுத்திருந்தால், கடைசியில் சிவப்பு 182, நீலம் 179. 78-க்கும் 69-க்கும் உள்ள ஒன்பது பாயிண்ட் வித்தியாசம் என்பது ஒரு ரிலே முதலிடத்துக்குச் சற்றுக் குறைவு. நெருக்கமான போட்டியைத் திருப்பும், ஆனால் பெரிய முன்னிலையை அசால்ட்டாகக் கவிழ்த்துவிடாது. அந்த அளவே போதும் என்பது என் கருத்து.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். சதவீதம் என்றதும் ஹவுஸ் கேப்டன்கள் காய்ச்சலில் இருக்கும் பிள்ளையையும் இழுத்துவரப் பார்ப்பார்கள், வராதவரைத் திட்டவும் செய்வார்கள். வீட்டிலிருந்து கடிதம் கொண்டுவந்தவரை 118-லிருந்தே கழித்துவிட வேண்டும். அவருக்கு விருப்பமிருந்தால் ஸ்டாப்வாட்ச் பிடிக்கவோ டேப் அளக்கவோ விட்டு, செய்து முடித்தவராகவே கணக்கில் சேர்க்கலாம். அப்போது இலக்குக்கான 1 அவருக்கு இல்லாததால், அதிகபட்சத்திலும் அவருக்கு 1 மட்டும் கூட்டுங்கள். யார் யாருக்கு விலக்கு என்ற பட்டியல் வகுப்பு ஆசிரியரிடம் மட்டும் இருக்கட்டும், கேப்டன் கைக்குப் போக வேண்டாம்.